வேகம் கேட்டால் வேகம் வருகிறதா? அலகை வைத்து விடையைச் சோதிக்கும் முறை

கேள்வி: ஐயா, நான் தேவகோட்டையில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இயற்பியல் கணக்குப் போட்டால் விடை வந்துவிடுகிறது, ஆனால் சரியா தப்பா என்று புத்தகத்தின் பின்பக்கம் பார்த்தால்தான் தெரிகிறது. போன வாரம் வேகம் கேட்ட ஒரு கணக்கில் அலகு m²/s² என்று வந்தது. அலகை வைத்தே விடையைச் சோதிக்கலாம் என்கிறார்கள். பரீட்சையில் அதைச் சீக்கிரமாகச் செய்வது எப்படி? எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: உங்களுக்கு வந்த m²/s² என்பது வேகத்தின் வர்க்கத்துக்கு உரிய அலகு. அநேகமாக v² வரை ஒழுங்காகக் கொண்டுவந்துவிட்டு, வர்க்கமூலம் எடுக்காமல் நிறுத்தியிருக்கிறீர்கள். தப்பு இருக்கிறது என்பதோடு, அது எந்த வரியில் இருக்கிறது என்பதையும் அலகு காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் இந்தச் சோதனையைப் பழக வேண்டும்.

நம்பகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலகு பொருந்தவில்லை என்றால் விடை கட்டாயம் தப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். அலகு பொருந்திவிட்டது என்பதற்காக விடை சரி என்று முடிவுகட்டக் கூடாது. இந்த இரண்டும் எப்படி என்பதை ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம்.

உங்கள் பக்கம் கண்மாய் இல்லாத ஊர் அபூர்வம். ஆகவே மடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மடைத் துளையின் மையத்துக்கு மேல் 1.8 மீட்டர் உயரத்துக்குக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் என்ன வேகத்தில் வெளியே பாயும்? டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதி இதற்குப் பொருந்தும். தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து துளை வரை ஒரு பொருள் தடையின்றி விழுந்தால் என்ன வேகம் பெறுமோ, அதே வேகத்தில் தண்ணீர் வெளிவரும்.

```
v = √(2gh)
```

சோதனையை எண்களைப் போடுவதற்கு முன், எழுத்துகளாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஓரத்தில் முதலில் "வேண்டியது m/s" என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் அதன் அலகை மட்டும் போடுங்கள். g-க்கு m/s², h-க்கு m. 2 வெறும் எண், அதற்கு அலகு கிடையாது.

```
gh     →  (m/s²) × m  =  m²/s²
√(gh)  →  m/s
```

வேண்டியது கிடைத்துவிட்டது. இப்போது எண்களைப் போட்டால் 2 × 9.8 × 1.8 = 35.28, அதன் வர்க்கமூலம் 5.94. ஆக வேகம் வினாடிக்குச் சுமார் 5.9 மீட்டர்.

எண்களைப் போடும் முன் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 35.28 என்று எழுதிவிட்ட பிறகு அந்த எண்ணுக்கு ஊர் பெயர் தெரியாது. அது வேகமா, வேகத்தின் வர்க்கமா என்று அதைப் பார்த்தே சொல்ல முடியாது. மூலம் எடுக்க மறந்தவர் "35.28 m/s" என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். கேள்வி வேகம் என்று கேட்டதால் கடைசியில் m/s என்று தானாக ஒட்டிவிடும் பழக்கம்தான் இங்கே வில்லன். அலகு கணக்கிலிருந்து பிறந்து வர வேண்டும். கேள்வியைப் பார்த்து ஒட்டிய அலகால் எதையும் சோதிக்க முடியாது.

இப்போது இதே கணக்கை வேறு வழியில் போடுபவர் எங்கே சறுக்குவார் என்று பார்ப்போம். துளையின் மட்டத்தில் தண்ணீர் தரும் கூடுதல் அழுத்தம் ρgh என்பது நினைவுக்கு வரும். 1000 × 9.8 × 1.8 = 17640 பாஸ்கல். அங்கிருந்து அவசரத்தில் v = √(2P) என்று எழுதினால் விடை 188 வரும். பாஸ்கல் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டால் சோதனை நகராது. அதைக் கிலோகிராம், மீட்டர், வினாடியாக உடைக்க வேண்டும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விசை என்பது நிறை × முடுக்கம், அழுத்தம் என்பது விசை ÷ பரப்பு. அதிலிருந்தே வந்துவிடும்.

```
N   =  kg·m/s²
Pa  =  N/m²  =  kg/(m·s²)
```

வேண்டிய m/s-ஐ வர்க்கப்படுத்தினால் m²/s². அதில் கிலோகிராமே கிடையாது. மூலக்குறிக்குள்ளே இருக்கும் பாஸ்கலில் ஒரு கிலோகிராம் மிச்சம் நிற்கிறது. அதை நீக்க வேண்டுமானால் நிறை கலந்த ஏதோ ஒன்றால் வகுத்தாக வேண்டும். கணக்கில் அப்படி இருப்பது அடர்த்தி ஒன்றுதான், அதன் அலகு kg/m³.

```
P/ρ  →  kg/(m·s²) ÷ kg/m³  =  m²/s²
```

ஆகவே எழுதியிருக்க வேண்டியது v = √(2P/ρ). போட்டுப் பாருங்கள், அதே 5.94 வரும். விட்டுப்போன அடர்த்தியை மிச்சம் நின்ற கிலோகிராமே தேடிக் கொடுத்துவிட்டது. விசையியல் கணக்குகளில் இந்த ஒரு அடையாளம் நிறைய உதவும். வேகமோ நேரமோ தூரமோ கேட்ட இடத்தில் கிலோகிராம் மிஞ்சினால், நிறையோ அடர்த்தியோ எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது வேண்டாத இடத்தில் நுழைந்திருக்கிறது.

கூட்டல் கழித்தல் வரும் சூத்திரங்களில் கடைசி அலகை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். v = u + ½at² என்று யாராவது எழுதினால் முதல் உறுப்பு m/s, இரண்டாவது m. வேகத்தையும் தூரத்தையும் கூட்ட முடியாது, அங்கேயே நிறுத்திவிடலாம்.

இனி மடை வழியாக வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். துளை 20 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம். பரப்பை வேகத்தால் பெருக்க வேண்டும். m² × m/s = m³/s, எழுத்தளவில் சரி. ஆனால் பரப்பை 300 என்று போட்டுப் பெருக்கினால் 1782 வரும். அலகையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்த வரியில் cm²·m/s என்று நிற்கும். நீளத்துக்கே இரண்டு அலகுகள் ஒரே வரியில் நின்றால் மாற்றம் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

மாற்றும்போதுதான் பலர் விழுகிறார்கள். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்ற நினைப்பில் 300-ஐ 100-ஆல் வகுத்து 3 m² என்று போட்டுவிடுவார்கள். இந்தத் தப்பு அலகில் தெரியவே தெரியாது. m² என்று எழுதியாகிவிட்டது, பெருக்கினால் m³/s ஒழுங்காக வந்துவிடும். விடை மட்டும் நூறு மடங்கு பெருத்திருக்கும். இதற்கு ஒரே மருந்து, அலகை அடைப்புக்குறிக்குள் வைத்து வர்க்கத்தோடு மாற்றுவது.

```
300 cm²  =  300 × (0.01 m)²  =  0.03 m²
0.03 m² × 5.94 m/s  =  0.178 m³/s
```

வினாடிக்கு 178 லிட்டர். நிஜ மடையில் இவ்வளவு வராது. துளையை விட்டு வெளியே வந்ததும் நீர்த்தாரை சுருங்கிவிடும், உராய்வும் கொஞ்சம் உண்டு. கூர்மையான விளிம்புள்ள துளைக்குப் பொறியாளர்கள் ஏறத்தாழ 0.6 என்ற குணகத்தால் பெருக்குவார்கள். அப்போது சுமார் 107 லிட்டர்தான். இந்த 0.6-க்கு அலகு இல்லை. அதைப் போட்டாலும் விட்டாலும் அலகுச் சோதனை ஒரே பதிலைத்தான் சொல்லும்.

சோதனையின் எல்லை இதுதான். அலகில்லாத எதையும் அதனால் பார்க்க முடியாது. ½, 2, π, கோணத்தின் சைன், கோசைன், உராய்வுக் குணகம், கூட்டல் கழித்தல் குறி எல்லாம் இதில் அடங்கும். அதே அலகுள்ள வேறோர் அளவை மாற்றிப் போட்டாலும் தெரியாது. துளையின் மையம் வரை அளக்க வேண்டிய h-க்குப் பதில் கண்மாயின் முழு ஆழத்தைப் போட்டால் இரண்டுமே மீட்டர்தான். வெளியே வாய்க்கால் நீர் துளைக்கு மேலே நின்றால், இரண்டு பக்க நீர்மட்டத்தின் வித்தியாசத்தைத்தான் h என்று எடுக்க வேண்டும். அதையும் அலகு சொல்லாது.

எண்ணின் அளவைப் பார்த்துச் சில தப்புகளைப் பிடிக்கலாம். வினாடிக்கு 35.28 மீட்டர் என்பதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 127 கிலோமீட்டர். திருச்சி–காரைக்குடி ரோட்டில் பஸ்கூட அந்த வேகத்தில் போகாது, ஆளுயரத் தண்ணீரால் அது முடியாது. ஆனால் 2 விட்டுப்போய் √(gh) என்று போட்டால் 4.2 m/s வரும். அலகும் சரி, அளவும் நம்பும்படி இருக்கிறது. அங்கே ஒரே வழி, சூத்திரம் பிறந்த இடத்துக்குத் திரும்பிப் போவது. mgh = ½mv² என்று ஒரு வரி எழுதினால் அந்த ½ எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

பரீட்சையில் நேரம் அதிகம் மிச்சமாவது, தேர்வுகள் எழுத்து வடிவில் இருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களில்தான். இதே மடைக் கேள்விக்கு நான்கு தேர்வுகள் இப்படி இருக்கின்றன என்று வையுங்கள்.

```
(அ) 2gh     (ஆ) √(2h/g)     (இ) √(gh)     (ஈ) √(2gh)
```

(அ) m²/s², உங்களுக்கு வந்த அதே அலகு, அடித்துவிடலாம். (ஆ)-வில் m-ஐ m/s²-ஆல் வகுத்தால் s², அதன் மூலம் s. அது அந்த உயரத்திலிருந்து விழ ஆகும் நேரம், வேகம் கேட்ட இடத்தில் அதற்கு வேலையில்லை. மிச்சம் இருக்கும் இரண்டில் அலகு உதவாது. அங்கே mgh = ½mv² என்ற அந்த ஒரு வரியை எழுதி (ஈ)-யைத் தேர்ந்தெடுங்கள். நான்கு தேர்வுகளும் எண்களாக, எல்லாவற்றுக்கும் m/s என்றே கொடுத்திருந்தால், தேர்வுகளைப் பார்த்து ஒன்றையும் கழிக்க முடியாது. அப்போது நீங்கள் எழுதிய சூத்திரத்தை எண் போடும் முன் சோதித்துவிட்டுப் பிறகு கணக்கிடுங்கள். 2gh, √(2h/g) போன்ற தவறான சூத்திரங்களிலிருந்து வரும் எண்களையும் தேர்வுகளில் வைப்பது வழக்கம். ஆகவே உங்கள் விடை தேர்வுகளில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.