அழைத்தது எந்த எண்ணுக்கு?

கேள்வி: புதிய சப்ளையர்களின் கோப்புகளில் 'வங்கி விவரம் தொலைபேசியில் உறுதிசெய்யப்பட்டது' என்று குறிப்பும் கையொப்பமும் இருக்கின்றன. தணிக்கைக்கு இது போதுமா?

பதில்: போதாது. அழைத்த எண் எது, அது எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள்.

நான் பார்த்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். பழைய சப்ளையர் ஒருவரின் பெயரில், கணக்கை மாற்றச் சொல்லித் திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. ரத்து செய்த காசோலையின் நகலும் இருந்தது. ஊழியர் செவ்வாயன்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்தார். வியாழனன்று பணம் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து அசல் சப்ளையர், "பணம் வரவில்லையே?" என்றார். ஊழியர் அழைத்தது அதே மின்னஞ்சலின் அடியில் இருந்த எண்ணுக்கு. மோசடிக்காரனிடமே 'நீங்கள்தானா?' என்று கேட்டிருக்கிறார்! பழைய ஒப்பந்தத்தில் வேறு எண் இருந்தது. அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே நிறுவனம் தானாகத் தேடி எடுத்த எண், பேசியவர் பெயர், தேதி, நேரம் ஆகியவை பதிவில் இருக்க வேண்டும். கணக்கைப் பதிந்தவரே ஒப்புதலும் தந்திருக்கக் கூடாது. புதியவர்களோடு நிறுத்தாமல், கணக்கு மாற்றப்பட்ட பழைய சப்ளையர்களையும் சோதனைக்கு எடுக்கும் மாதிரியில் சேருங்கள்; பணம் பெரும்பாலும் அங்கேதான் நழுவுகிறது.

கேள்வி: சிறு தொகை அனுப்பிப் பார்த்தோம், சேர்ந்துவிட்டது. பிறகென்ன?

பதில்: கணக்கு இயங்குகிறது என்பது தெரிந்தது, யாருடையது என்பது தெரியவில்லை. கணக்குதாரரின் பெயரை வங்கி திருப்பித் தந்து, அதைச் சப்ளையரின் பதிவுப் பெயரோடு ஒப்பிட்டிருந்தால் மட்டுமே அது சான்று.

கேள்வி: சப்ளையரோடு சொந்த உறவோ லாபமோ உண்டா என்று ஊழியர்கள் எழுதித் தரும் நலன் முரண் அறிவிப்பில் எல்லோரும் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறார்கள். இதில் தணிக்கை செய்ய என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. முதலில் தேதி: சப்ளையரைத் தேர்ந்தெடுத்த பிறகு கையொப்பமிட்ட அறிவிப்பு வெறும் சடங்கு. அடுத்து, ஊழியர்களின் முகவரி, தொலைபேசி எண், சம்பள வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சப்ளையர் விவரங்களோடு பொருத்திப் பாருங்கள். ஒரே வங்கிக் கணக்கு இரண்டு பக்கமும் வந்தால் உடனே விசாரிக்க வேண்டும். முகவரி மட்டும் ஒத்துப்போனால் அவசரப்படாதீர்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் வீட்டு எண் விடுபட்டிருக்கலாம். மனைவியின் பெயரில், வேறு முகவரியில் இயங்கும் நிறுவனம் இந்தச் சோதனையில் சிக்காது. அதற்கு உரிமையாளர் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் பட்டியலை எப்படிச் சோதிப்பது?

பதில்: பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள், அதில் இருப்பவர்கள் எல்லோருக்கும் எப்படியும் ஒப்புதல் இருக்கும். பணம் கொடுத்த பதிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பட்டியலில் இல்லாதவர்களும், ஒப்புதல் காலாவதியானவர்களும் அப்போது தெரிவார்கள். 'ஒருமுறை சப்ளையர்' என்ற பொதுக் குறியீட்டின் கீழ் ஒரே பெயர் மாதாமாதம் வந்தால், முதலில் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.