பி.எஃப்.பில் முதலாளி போடும் பங்கு எத்தனை சதவீத வட்டிக்குச் சமம்? (கேள்வி பதில்)

திருப்பூர்: பேஸிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000. என்னிடம் 1,800 பிடிக்கிறார்கள், முதலாளியும் 1,800 போடுகிறார். அப்போ எனக்கு வட்டி 8.25 இல்லை, 16.5 தானே?

இல்லை. முதலில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அதில் உங்கள் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் என்று மூன்று பத்தி இருக்கும். முதலாளியின் 1,800-ல் 1,250 ரூபாய் பென்ஷன் பத்திக்குப் போய்விடும், அதற்கு வட்டி ஏறாது. உங்கள் கணக்கில் சேருவது மீதி 550 மட்டும். அதாவது நீங்கள் போடும் 100 ரூபாய்க்கு அவர் போடுவது 30 ரூபாய் 55 காசு.

கடைசியில் கிடைக்கும் தொகையும் இதே அளவில்தான் உயரும். 8.25 சதவீதம் மாறாமல் இருந்து, சம்பளமும் ஏறாமல் இருந்தால், பத்து ஆண்டில் உங்கள் 1,800 மட்டும் சுமார் 3,28,600 ஆகும். முதலாளியின் 550 சேர்ந்தால் 4,29,000. ஐந்து ஆண்டானாலும் முப்பது ஆண்டானாலும் அந்த முப்பதரை சதவீதக் கூடுதல் மாறாது.

மாறுவது, உங்கள் கையிலிருந்து போன பணத்துக்குக் கிடைக்கும் பலன். முதல் ஆண்டு முடிவில் அது 77 சதவீத வட்டிக்குச் சமம். ஐந்து ஆண்டில் 19.3, பத்தில் 13.3, இருபதில் 10.5, முப்பதில் 9.6 என்று இறங்கிவரும். போட்ட அன்றே கிடைக்கும் 550, அந்த மாதப் பணத்துக்கு ஒரே ஒரு முறை வரும் லாபம். ஆண்டுகள் கூடக் கூட அது மெல்லியதாகப் பரவிவிடுகிறது, அவ்வளவுதான். எக்செலில் நீங்களே பார்க்கலாம்:

```
=(1+RATE(120,-1800,0,429035))^12-1
```

சதவீத வடிவில் இது 13.4 அளவில் காட்டும். பி.எஃப். வட்டி மாதாமாதம் கணக்கிடப்பட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரவு வைக்கப்படுகிறது, அதனால் வருவது அந்தத் துளி வித்தியாசம்.

சென்னை: என் நண்பனுக்கும் எனக்கும் பேஸிக் 40,000. அவன் பாஸ்புக்கில் மட்டும் வேகமாக ஏறுகிறது. எப்படி?

இருவருக்கும் பிடித்தம் 4,800 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் நிறுவனம் தன் பங்கை 15,000 உச்சவரம்போடு நிறுத்தி 1,800 மட்டும் போட்டால், பென்ஷன் போக உங்களுக்குச் சேருவது 550. நூற்றுக்குப் பதினொன்றரை ரூபாய்தான். நண்பனின் நிறுவனம் முழு பேஸிக்குக்கும் 12 சதவீதம் போட்டால் 4,800-ல் 1,250 போக 3,550, நூற்றுக்கு 74 ரூபாய். அவர் 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக பி.எஃப்.பில் சேர்ந்து, அப்போதே சம்பளம் 15,000-ஐத் தாண்டியிருந்தால், அவருக்கு பென்ஷன் திட்டமே கிடையாது. முழு 4,800-ம் கணக்குக்கே வரும். அப்படிப்பட்டவருக்கும் தவறுதலாக 1,250 பிடிக்கும் ஹெச்.ஆர். உண்டு. பென்ஷன் பத்தியில் ஏதாவது எண் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தால் இப்போதே எழுதிக் கேளுங்கள், பணம் எடுக்கப் போகும்போது கேட்டால் இழுபறிதான்.

வி.பி.எஃப். என்று நானாகக் கூடுதலாகப் போட்டால் முதலாளியும் கூடப் போடுவாரா?

மாட்டார். அந்தப் பணத்துக்கு வெறும் 8.25 தான்.

மதுரை: பி.எஃப். இல்லை, வேறு கேள்வி. மகன் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் மாதம் 1,000 போட்டால் நானும் 1,000 போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு எவ்வளவு லாபம்?

6.7 சதவீதத்தில் ஐந்து ஆண்டு முடிந்தால் ஒரு கணக்குக்கு 71,366. இரண்டும் அவருக்கே என்றால், அவர் போட்ட 60,000 ரூபாய் 1,42,732 ஆகிறது. அவரளவில் ஆண்டுக்கு 35 சதவீதத்துக்கு மேல். வீட்டுக்கு மொத்தமாகப் பார்த்தால் அதே 6.7 தான், பாதி உங்கள் பையிலிருந்து போனது.

பெங்களூரு: அதையேதான் நானும் கேட்கிறேன். என் ஆஃபர் லெட்டரில் முதலாளி பங்கும், நிறுவனம் எனக்காகச் செலவிடும் மொத்தத் தொகையான சி.டி.சி.க்குள் இருக்கிறது. இடது பை, வலது பை இரண்டும் என்னுடையது. இதில் 19 சதவீதம் எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி. ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: பி.எஃப். இல்லாவிட்டால் அந்தத் தொகையைச் சம்பளமாகத் தருவார்களா? தருவார்கள் என்றால் அது உங்கள் பணம்தான், பலன் 8.25. சம்பளமாக வந்தால் வரி போயிருக்கும், அந்த மிச்சம் மட்டும் கூடுதல். தரமாட்டார்கள் என்றால் மேலே சொன்ன கணக்கு நிற்கும்.

ஒரு தொழிற்சங்க உறுப்பினர்: இப்படிச் சொல்லாதீங்க சார். முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்திலிருந்து பிடிக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு.

இருக்கிறது. கொடுக்க வேண்டிய கூலியில் கைவைத்தால் அது மீறல்.

பெங்களூரு: பிடிக்கவில்லையே, ஆரம்பத்திலேயே குறைத்துத்தானே பேசினார்கள்! போன வருஷம் பேஸிக்கை உயர்த்தினார்கள், சி.டி.சி. அப்படியே இருந்தது, கையில் வரும் பணம் குறைந்தது.

தொழிற்சங்க உறுப்பினர்: அது உங்க கம்பெனி. எங்க மில்லுல சி.டி.சி.ன்னு ஒரு பேச்சே கிடையாது.

இரண்டும் உண்மை, அதனால்தான் ஒரே பதில் கிடையாது. சி.டி.சி. மாறாமல் பேஸிக்கை உயர்த்தினால், கூடும் முதலாளி பங்கு உங்கள் மற்ற அலவன்ஸிலிருந்து நகர்ந்த பணம். மில்லில் கூலிக்கு மேல் வருவது நிஜமான கூடுதல். சம்பளம் பேசும்போதே குறைத்துப் பேசினார்களா என்பதை எந்த பே ஸ்லிப்பும் காட்டாது. இதை நீங்கள் இருவரும் தொடருங்கள், எனக்கு வேறு கேள்விகள் நிற்கின்றன.

இரண்டு பேரும் 1,800 போட்டால் வட்டி 16.5 வருமா?

முதல் பதில். பென்ஷன் பத்தி.

சேலம்: அப்போ அந்த 1,250 போனது போனதுதானா?

போகவில்லை. பத்து ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன். 15,000 சம்பளம், இருபது ஆண்டு என்றால் போனஸாக இரண்டு ஆண்டு சேரும், 15,000-ஐ 22-ஆல் பெருக்கி 70-ஆல் வகுங்கள்: மாதம் சுமார் 4,714. எத்தனை காலம் வாங்குவீர்கள் என்று தெரியாமல் இதை மேலே உள்ள சதவீதத்தோடு சேர்க்க முடியாது, அதனால்தான் விட்டேன். பத்து ஆண்டுக்குள் விலகி எடுத்தால் ஒரு அட்டவணைப்படி தொகை கிடைக்கும்.

ஓசூர்: உங்கள் கணக்குப்படி ஐந்தாம் ஆண்டில் 19, முப்பதில் 9.6. வேலை மாறும்போதெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் எப்போதும் 19 கிடைக்குமே?

இன்று வந்ததில் நல்ல கேள்வி, ஆனால் பாதிதான் சரி. 550 என்பது நீங்கள் புதிதாகப் போடும் 1,800-க்குத்தான் வருகிறது. பழைய பணம் உள்ளே இருந்தாலும் வெளியே போனாலும் அடுத்த மாதம் அதே 550 வரும். எடுப்பதால் ஒரு ரூபாய்கூடக் கூடாது. உள்ளே கிடக்கும் பழைய பணம் ஆண்டுக்கு 8.25 ஈட்டுகிறது, எடுத்தால் அது வெளியே என்ன ஈட்டும் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். 19 என்பது திரும்பிப் பார்க்கும் சராசரி, இனி வரப்போகும் வட்டி அல்ல.

தொடர் சேவை ஐந்து ஆண்டு ஆகாமல் எடுத்தால் முதலாளி பங்குக்கும் வட்டிக்கும் வரி வரும். நீங்கள் பெருமைப்படும் அந்தக் கூடுதலில்தான் முதலில் கைவைக்கிறார்கள். பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றினால் பழைய சேவைக்காலமும் சேர்ந்துகொள்ளும்.

பே ஸ்லிப்பில் பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் இரண்டு மாதமாக எதுவும் இல்லை.

அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். ஹெச்.ஆரிடம் சலான் நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் பே ஸ்லிப்போடு பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர் தளத்தில் புகார் பதியுங்கள். கட்டாத மாதத்தில் உங்கள் 1,800-ம் சேரவில்லை, அவருடைய 550-ம் சேரவில்லை.