மூன்று வாரமாக முதல் பத்தியிலேயே நின்றால்

"அக்கா, நான் புளியரைக்காரன். செங்கோட்டை–கொல்லம் மீட்டர்கேஜ் ரயிலைப் பற்றி ஊர் மலருக்கு 1,200 வார்த்தையில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். குறிப்பெல்லாம் கையில் இருக்கிறது. ஆனால் மூன்று வாரமாக முதல் பத்தியையே எழுதி எழுதி அழிக்கிறேன். என்ன செய்வது?"

தம்பி, முதல் பத்தியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாக்கியம் வந்து விழுந்ததுமே அது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்துவிடுகிறீர்கள், அதற்குள் அடுத்துச் சொல்ல வந்தது நழுவிப் போகிறது. எழுதுவது ஒரு நாள், திருத்துவது இன்னொரு நாள் என்று பிரித்துவிடுங்கள்.

முதலில் ஒரு தாளில் ஆறே வரியில் சட்டகம் போடுங்கள். ஒவ்வொரு வரியும் தலைப்பாக இல்லாமல் முழு வாக்கியமாக இருக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 'பாதையின் வரலாறு' என்று எழுதி வைத்தால் அந்த இடத்தில் மறுபடியும் நின்றுவிடுவீர்கள், ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை. '1904-ல் பயணிகள் ரயில் வந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, 1956-ல் ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்த பிறகும் அதே ரயில்தான் இரண்டு பக்கத்தையும் இணைத்தது' என்று எழுதினால், அடுத்து என்ன எழுதுவது என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

அப்புறம் முதல் சுற்று. ஆறில் எது எளிதோ அதிலிருந்து தொடங்குங்கள், வரிசை வேண்டாம். ஒரு வரிக்கு இருபது நிமிடம், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அது அடிக்கும்வரை பின்னால் போய் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது. தெரியாத இடத்தில் ??? போட்டுவிட்டுத் தாண்டுங்கள். இப்படி வந்தால் போதும்:

"குகைக்குள்ள நுழைஞ்சதும் பிள்ளைங்க எல்லாம் கூச்சல், ஜன்னல் மூடணும், குகை எவ்வளவு நீளம் ???, வெளிய வந்தா ஈரக்காத்து, பதிமூணு கண் பாலம் அதுக்கு முன்னாடியா பின்னாடியா ???"

பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் கூச்சல், ஜன்னல், ஈரக்காற்று என்று மூன்று நல்ல விஷயங்கள் தாளில் வந்துவிட்டன. நீளம் எவ்வளவு என்று தேடப் போயிருந்தால் அன்றைய பொழுது அதிலேயே போயிருக்கும்.

மறுநாள் இரண்டாம் சுற்று. ??? இடங்களை நிரப்புங்கள், பத்திகளை இடம் மாற்றுங்கள், நடையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பத்தி ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று நாலு வார்த்தை எழுதிப் பார்த்தால், ஒரே விஷயத்தை இரண்டு பத்தி சொல்வது தெரிந்துவிடும். சட்டகமே மாறினாலும் சரி, மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் தேடிய தொடக்கமும் பெரும்பாலும் நடுவில் எங்கேயாவது கிடக்கும், அதை மேலே தூக்கி வையுங்கள். வாக்கியம், சந்திப் பிழை எல்லாம் மூன்றாம் சுற்றில்தான்.

ஒரு வரிக்கு மட்டும் இருபது நிமிடத்தில் இரண்டு வாக்கியம்கூட வரவில்லை என்றால், அது மனத்தடை இல்லை, சரக்கு பற்றவில்லை. 2010-ல் மீட்டர்கேஜ் நின்ற பிறகு 2018-ல் அகலப்பாதை வரும்வரை மக்கள் எப்படிப் போய்வந்தார்கள் என்ற வரி அப்படி நிற்கலாம். அதற்கு மேஜையில் உட்கார்ந்து பயனில்லை, அந்த ரயிலை நம்பிச் சந்தைக்குப் போன யாரிடமாவது அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து எழுதுங்கள்.