பெயர் பெற்றவரா, பக்கத்தில் நின்று பார்த்தவரா? பரிந்துரைக் கடிதம்: கேள்வி பதில்

கோவையில் முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களுக்காக எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. மாணவர் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியவற்றைப் படித்ததும் உண்டு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோபிச்செட்டிபாளையம், எம்.எஸ்ஸி. இறுதியாண்டு மாணவி: அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க மூன்று கடிதங்கள் வேண்டும். எங்கள் துறைத்தலைவர் பெயர் பெற்றவர். ஆனால் எனக்கு ஒரே ஒரு தாள்தான் நடத்தினார். என் புராஜெக்டைப் பார்த்துக்கொண்ட மேடம் வேலைக்குச் சேர்ந்தே மூன்று வருடம்தான் ஆகிறது. முதலில் யாரைக் கேட்பது? புராஜெக்ட் விவரத்தை இணைத்திருக்கிறேன்.

மேடத்தை. உங்கள் புராஜெக்டைப் படித்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

காங்கேயம் பக்கத்துத் தேங்காய்த் தொட்டிக் கரியைக் கொண்டு, தண்ணீரிலிருந்து மெத்திலீன் நீலச் சாயத்தை நீக்கியிருக்கிறீர்கள். முதல் மாதம் 96 சதவீதம் நீங்கியதாக அளவீடு வந்தது. அத்தோடு எழுதி முடித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கரியே போடாத சாயக் கரைசலை வடிதாளில் ஊற்றி, வந்ததை நிறமானியில் வைத்துப் பார்த்தீர்கள். கரி இல்லாமலே நிறம் குறைந்திருந்தது. அந்தச் சாயம் வடிதாளின் செல்லுலோஸிலும் ஒட்டிக்கொள்ளும். கரி செய்த வேலையோடு தாள் செய்த வேலையையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. பிறகு வடிகட்டுவதை விட்டு, மையவிலக்கியில் சுழற்றிக் கரியைப் பிரித்தீர்கள். 88 சதவீதம் வந்தது. அதையே அறிக்கையில் எழுதினீர்கள்.

இப்போது இரண்டு பேரும் என்ன எழுத முடியும் என்று யோசியுங்கள். துறைத்தலைவர் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'இவர் என் இயற்பிய வேதியியல் வகுப்பில் உயர்ந்த தரம் பெற்றார். ஒழுக்கமானவர், உழைப்பாளி. இவருக்கு எல்லா வெற்றியும் கிடைக்க வாழ்த்துகிறேன்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் உங்கள் வகுப்பில் பத்துப் பேருக்கு இதே கடிதம் பொருந்தும். அந்தத் தரம் மதிப்பெண் பட்டியலிலேயே இருப்பதால், படிப்பவருக்குப் புதிதாக ஒரு சொல்கூடக் கிடைப்பதில்லை.

மேடம் எழுதினால்: 'வெற்றுச் சோதனை செய்யும்படி நான் சொல்லவில்லை. இவராகவே செய்தார். கிடைத்த விடையால் தன்னுடைய எண் குறையும் என்று தெரிந்தும், மூன்று வார அளவீடுகளை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுத்தார்.' ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறவர்கள் தேடுவது இந்த வரியைத்தான். பக்கத்தில் நின்று பார்த்தவரால் மட்டுமே இதை எழுத முடியும். அவருக்கு மூன்று வருட அனுபவமா, முப்பது வருடமா என்பதைப் படிப்பவர் இரண்டாவதாகத்தான் பார்ப்பார்.

இன்னொன்றும் உண்டு. கடிதத்தோடு பல பல்கலைக்கழகங்கள் ஒரு படிவத்தையும் நிரப்பச் சொல்கின்றன. விண்ணப்பதாரரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும் என்பது முதல் கேள்வி. பிறகு ஆய்வுத்திறன், விடாமுயற்சி, எழுத்து என்று ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து சதவீதமா, பத்து சதவீதமா என்று குறிக்க வேண்டும். 'கருத்துச் சொல்ல எனக்கு வாய்ப்பில்லை' என்ற கட்டமும் இருக்கும். நேர்மையான துறைத்தலைவர் அந்தக் கட்டத்தில் நாலைந்து இடத்தில் குறியிடுவார். தாராள மனதுக்காரர் எல்லாவற்றிலும் உச்சத்தைக் குறிப்பார். முதல் கேள்விக்கு 'ஒரு பருவம், வகுப்பில்' என்று எழுதிவிட்டு அப்படிக் குறித்தால் எவரும் நம்புவதில்லை.

நானே இந்தத் தவறைச் செய்தவன். வகுப்பில் மட்டுமே பார்த்த ஒரு பையனுக்கு, மறுக்க மனம் வராமல், அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. என் கடிதம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவனுடைய ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்ட இளையவர் ஒருவர் அடுத்த அறையிலேயே இருந்தார். அவரிடம் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பூர், மென்பொருள் பணியாளர்: நீங்கள் சொல்வது ஏட்டுக்கு நன்றாக இருக்கிறது. என் நண்பனுக்குப் பெரிய பேராசிரியர் ஒருவர் பத்து வரிதான் எழுதினார். உடனே இடம் கிடைத்தது. பெயர்தான் பேசும்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். பெயர் பேசும் இடம் ஒன்று உண்டு. எழுதுகிறவரைப் படிக்கிறவருக்குத் தெரிந்திருந்து, கடிதத்தில் ஓர் ஒப்பீடும் இருந்தால் பத்து வரி போதும். 'நான்கு வருடம் முன்பு உங்களிடம் அனுப்பினேனே, அவனைவிட இவன் சோதனையில் கெட்டி, கணக்கில் சற்றுக் குறைவு' என்று ஒருவர் எழுதினால் அது பத்துப் பக்கத்துக்குச் சமம். அவர் அனுப்பிய ஆளை அங்கே ஏற்கெனவே பார்த்திருக்கிறார்களே.

ஆனால் அந்த ஒப்பீட்டை எழுதவும் அவருக்கு உங்கள் நண்பரின் வேலை தெரிந்திருக்க வேண்டும். விசாரித்துப் பாருங்கள், அந்தப் பத்து வரியில் என்ன இருந்தது என்று. இன்னொன்றையும் யோசியுங்கள்: கோவையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், கடல் தாண்டி அதே துறையில் இருப்பவருக்குத் தெரியுமா? கல்லூரி ஆண்டு விழாவில் மாலை விழும் புகழ் ஒன்று; அந்தக் குறிப்பிட்ட ஆய்வில் இருப்பவர்கள் அவருடைய கட்டுரைகளைப் படிப்பது வேறொன்று.

பெருந்துறை, மாணவர் ஒருவரின் தந்தை: ஐயா, எங்களுக்கு எம்.எல்.ஏ. நல்ல பழக்கம். அவருடைய லெட்டர்பேடில் வாங்கிக் கொடுத்தால் பையனுக்கு உதவுமா?

உதவாதுங்க. நீங்கள் கேட்பது சிபாரிசு; இங்கே பேசுவது பரிந்துரை. நம் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் வரும் குழப்பம் இது. அவர்கள் கேட்பது பையனுக்குச் செல்வாக்குள்ளவர்களைத் தெரியுமா என்று அல்ல. பையனின் படிப்பை அறிந்தவர் யார் என்று. உள்ளூர் அறக்கட்டளை உதவித்தொகைக்கு ஊர்ப் பெரியவரின் நன்னடத்தைக் கடிதம் கேட்பார்கள், அங்கே கொடுங்கள்.

பீளமேடு, பம்ப் தொழிற்சாலைப் பொறியாளர்: படித்து முடித்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. மேற்படிப்புக்குப் போகிறேன். கல்லூரியில் யாருக்கும் என் முகம்கூட நினைவிருக்காது. எங்கள் நிர்வாக இயக்குநர் நன்றாகப் பழகுவார், அவரைக் கேட்கலாமா?

நிர்வாக இயக்குநர் உங்கள் தொழிற்சாலையின் பெரிய பேராசிரியர், அவ்வளவுதான் வித்தியாசம். பம்ப்பைச் சோதனை மேடையில் ஏற்றி நீங்கள் எடுத்த அளவீடுகளைத் தினமும் பார்த்தவர் யார்? சோதனைப் பிரிவு மேலாளர் என்றால் அவரிடம் கேளுங்கள். எந்தப் பம்ப்பில் என்ன கோளாறு, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியும்.

ஆனால் மூன்றும் தொழிற்சாலையிலிருந்தே போகக்கூடாது. கல்லூரியிலிருந்து ஒன்றாவது வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் புராஜெக்ட் வழிகாட்டியிடம் பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். முகம் மறந்திருக்கும், அறிக்கையைப் புரட்டினால் வேலை நினைவுக்கு வரும்.

நாமக்கல், உதவிப் பேராசிரியர்: ஓய்வு பெற்ற பிறகு இப்படிச் சொல்வது எளிது. துறைத்தலைவரை விட்டுவிட்டு மாணவர் என்னிடம் வந்தால் அவர் முகம் மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு மாணவரும் அங்கேதான் இருக்க வேண்டும், நானும் அங்கேதான் இருக்க வேண்டும்.

நியாயமான அடி. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. நான் பார்த்தவரை சில இடங்களில் பலித்த வழியைச் சொல்கிறேன். மூன்று இடம் இருக்கும்போது துறைத்தலைவருக்கு மூன்றாவதைக் கொடுக்கலாம். அவரை விட்டுவிட்டதாக ஆகாது. அந்தக் கடிதம் வெறுமையாகப் போகாமல் இருக்க, நீங்கள் மாணவரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பை அவருக்குக் கொடுங்கள். 'இவருடைய ஆய்வை நேரில் கவனித்த என் சக ஆசிரியர் சொல்வது இது' என்று அவர் வெளிப்படையாகவே எழுதலாம். பார்த்தவர் யார், கேட்டு எழுதியவர் யார் என்பது தெளிவாக இருந்தால் படிப்பவருக்கு உறுத்தாது. நீங்கள் எழுதி, இருவரும் கையெழுத்திடுவதும் உண்டு.

ஒரே கடிதம்தான் கேட்கிறார்கள், துறைத்தலைவரும் விடமாட்டார் என்றால்? அங்கே நான் மாணவரிடம் உங்களைத்தான் கேட்கச் சொல்வேன். அதன் விலையைக் கொடுக்கப்போவது நான் இல்லை என்பதும் தெரியும்.

கரூர், பி.எஸ்ஸி. மாணவர்: கேட்டால் எல்லா சாரும் 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார்கள். அப்படியே செய்யலாமா?

செய்யாதீர்கள். உங்கள் வேலை அவருக்குத் தெரியாது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். நேரமில்லாத நல்லவர்களும் அப்படிச் சொல்வதுண்டு. எப்படியானாலும் ஒரே கை எழுதிய மூன்று கடிதங்களை அடுக்கி வைத்தால் ஒரே உரிச்சொல், ஒரே வாக்கிய நீளம், ஒரே பிழை. குழுவில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவோம்.

கடிதத்துக்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொண்டு போங்கள்: எந்தப் பருவம், எந்தச் சோதனை, எங்கே தவறினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள். தேதியும் எண்ணும் இருக்கட்டும். 'திறமைசாலி' போன்ற சொற்கள் வேண்டாம், அது அவர் எழுத வேண்டியது. கூடவே இப்படிக் கேளுங்கள்: 'சார், என் வேலையைப் பற்றி விரிவாக எழுதும் அளவுக்கு உங்களுக்குத் தெரியுமா? வேறு யாரையாவது கேட்பது நல்லது என்றாலும் சொல்லுங்கள்.' மரியாதையாக மறுக்க இது அவருக்கு வழி விடும். 'ஓ, அந்த டைட்ரேஷன் சொதப்பினாயே' என்று சிரித்தால் அவர்தான் உங்கள் ஆள். 'பார்க்கலாம், கடைசியில் வா' என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

மீண்டும் கோபி மாணவி: மேடம் ஒப்புக்கொண்டார். துறைத்தலைவர் மூன்றாவது கடிதம் தருகிறார். மேடம் அவருக்குக் குறிப்பும் கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகங்கள். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேனா என்று படிவம் கேட்கிறது. என்ன குறிப்பது? மேடத்துக்கு இணைப்பும் இன்னும் வரவில்லை.

விட்டுக்கொடுப்பதாகக் குறியுங்கள். அங்கே சேர்ந்த மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம் என்று அமெரிக்காவில் 1974-இல் சட்டம் வந்தது. அதனால்தான் இந்தக் கேள்வி. மாணவர் பார்க்கக்கூடும் என்று தெரிந்தால் எழுதுகிறவர் பூசி மெழுகியிருப்பார் என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு.

இணைப்பு தானாக வரும் மின்னஞ்சல். மேடத்தை ஸ்பாம் பெட்டியில் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் தட்டச்சு செய்த முகவரியில் பிழை இருக்கும். கல்லூரி முகவரி இருந்தால் ஜிமெயிலுக்குப் பதில் அதைக் கொடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் கடைசி நாள் டிசம்பர் 15, அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம் இரவு 11:59. நமக்கு அது 16-ஆம் தேதி காலை 10:29. மேடத்திடம் அதைச் சொல்லாதீர்கள். பத்தாம் தேதி என்று சொல்லி வையுங்கள்.