பெற்றோல் போக மிச்சமெல்லாம் லாபமா?

"கண்டியில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். மாதம் 26 நாள், காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரை. கம்பனி கமிஷன் போக 95,000 ரூபாய் வருகிறது, பெற்றோலுக்கு 22,000 போகிறது. மிச்சம் 73,000 இருக்க வேண்டும், ஆனால் கையில் நிற்பதில்லை. ஹார்ட்வெயார் கடையொன்றில் 50,000 சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?"

தம்பி, அந்த 73,000இல் ஒரு பங்கு உங்கள் பைக்கினுடையது.

முதலில் தூரம். ஆப் காட்டும் தூரத்தை விட்டுவிட்டு பைக் மீட்டரைப் பாருங்கள். அம்பிட்டிய ஏற்றத்தில் ஏறிக் கொடுத்துவிட்டு வெறுமனே இறங்கி வருகிறீர்களே, அதற்கு யாரும் காசு தருவதில்லை. நாளுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 2,600 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது தேய்மானம். 12,000 ரூபாய் பின் டயர் 15,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 80 சதம். இப்படியே ஒயில், செயின், முன் டயர், பிரேக் எல்லாவற்றையும் பில்லைப் பார்த்துப் போடுங்கள். நம் இறக்கங்களில் பிரேக் ஷூ தட்டையான ஊரை விடச் சீக்கிரம் தேயும், அதனால் மற்ற ஊர்க்காரர் சொல்லும் கணக்கு நமக்குச் சரிவராது. இவை 4 ரூபாய், பைக்கின் விலை இறங்குவது 2 ரூபாய் என்றால், மாதம் 15,600. லீசிங் இருந்தால் வட்டியை மட்டும் தனியாகச் சேருங்கள். முழுத் தவணையையும் சேர்த்தால் பைக்கின் விலையை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

டேட்டா, போன் தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் 3,500 என்று எடுப்போம். கடைசியில் நிற்பது 53,900.

காத்திருப்பை எப்படிக் கழிப்பது என்று பலர் குழம்புகிறார்கள். அதை ரூபாயில் கழிக்க வேண்டாம், மணிக்கணக்கில் சேர்த்தால் போதும். ஹோட்டல் வாசலில் பார்சலுக்கு நிற்பதும், ஓர்டர் வராமல் மழைக்கு ஒதுங்கி நிற்பதும் வேலை நேரம்தான். 26 நாள், 11 மணி நேரம்: மொத்தம் 286. மணிக்கு 188 ரூபாய்தான் வருகிறது.

கடையில் நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி. 50,000இல் ஈபிஎஃப் 8 வீதம் கழிய 46,000 கைக்கு வரும். அது மணிக்கு 221. முதலாளி போடும் 12 வீத ஈபிஎஃப்பும் 3 வீத ஈடிஎஃப்பும் வேறு 7,500. கழித்த 4,000மும் உங்கள் கணக்கிலேதான் இருக்கும். பஸ் காசையும் மறக்காமல் கழியுங்கள்.

என் கணக்கில் கடைதான் மேல். ஆனால் முடிவெடுக்குமுன் ஒரு வாரம் நேரம் பிரித்து எழுதுங்கள். பகல் 2.30 முதல் 5.30 வரை இரண்டு ஓர்டரில் 360 ரூபாய் கிடைத்து, 12 கிலோமீட்டர் ஓடியிருந்தால், பெற்றோலும் தேய்மானமுமாக 174 போய்விடும். மூன்று மணி நேரத்துக்கு மிச்சம் 186. அந்த நேரத்தை விட்டுவிட்டு மதியமும் இரவும் மட்டும் ஓடிப் பார்த்தால், உங்கள் மணிக்கணக்கு கடையைத் தாண்டலாம்.

கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: 50,000 முழுவதுக்கும் ஈபிஎஃப் போடுவாரா, பாதியை அலவன்ஸ் என்று எழுதிவிடுவாரா?