நகராத மையும் பசளிச் சாறும்

"மகள் தரம் 8. நிறங்களைப் பிரித்துக் காட்டும் விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்கு வடிதாளில் போல்பொயின்ற் பேனையால் ஒரு புள்ளியும் பசளிச் சாற்றால் ஒரு புள்ளியும் வைத்துத் தண்ணீரில் நிறுத்தினோம். இரண்டும் அசையவேயில்லை. கடதாசியில் பிழையா?" – ஒரு தாய், கொக்குவில்

கடதாசியில் பிழையில்லை, தண்ணீர்தான் பொருந்தவில்லை. சாயம் கரைப்பானில் கரைந்தால்தான் அதோடு சேர்ந்து மேலே ஏறும். போல்பொயின்ற் மை எண்ணெய்த் தன்மையானது. பச்சையமும் அப்படித்தான். இரண்டும் தண்ணீரில் கரையாது.

மைக்கு, தண்ணீரில் அழியும் கறுப்பு ஸ்கெச் பேனையை எடுங்கள். வடிதாளை 2 செ.மீ அகலத்தில் வெட்டி, அடியிலிருந்து 2 செ.மீ மேலே பென்சிலால் கோடு போடுங்கள். பேனையால் போட்டால் கோடே ஓடிவிடும். கோட்டின் நடுவில் சின்னப் புள்ளி வைத்து, ஜாம் போத்தலுக்குள் 1 செ.மீ தண்ணீரில் தொங்கவிடுங்கள். புள்ளி தண்ணீரில் முங்கக்கூடாது, தாள் கண்ணாடியில் ஒட்டவும் கூடாது. கறுப்பு பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பிரியும். தண்ணீர் 8 செ.மீ ஏறி நீலம் 6 செ.மீ ஏறியிருந்தால் 6 ஐ 8 ஆல் வகுங்கள்: 0.75. இந்த ஆர்எஃப் பெறுமானத்தையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தூரத்தையும் பென்சில் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். தாளின் அடியிலிருந்து அளந்துவிடுவது வழமையான பிழை.

இலைக்குத் தண்ணீருக்குப் பதிலாக வேறு கரைப்பான் வேண்டும், மருந்துக்கடை ஸ்பிரிட்டைவிட அசற்றோன் நல்லது. நகப்பூச்சு அகற்றி வாங்கினால் அசற்றோன் உள்ளதா என்று லேபிளைப் பாருங்கள். நிறம் சேர்க்காததாகவும் இருக்கட்டும். சாறு பிழியவே தேவையில்லை. பசளி இலையை இன்னொரு தாளின் பென்சில் கோட்டின்மேல் வைத்து, நாணயத்தின் விளிம்பை அழுத்தி உருட்டுங்கள். கடும்பச்சைக் கோடு விழும். காயவிட்டு, இலையின் வேறொரு பகுதியை வைத்துத் திரும்ப உருட்டுங்கள். ஐந்தாறு தரம் செய்தால்தான் நிறம் போதும். சாற்றை ஒருக்காத் தொட்டு வைத்த புள்ளியில் ஒன்றும் தெரியாது. போத்தலை மூடிவையுங்கள், எங்கள் வெயிலுக்கு அசற்றோன் ஏறுவதற்குள் ஆவியாகிவிடும். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம், அது சட்டென்று பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நீங்களும் இருங்கள்.

மேலே மஞ்சள், கீழே பச்சை தெரிந்தால் வெற்றிதான். பாடநூல் படத்தில் கரட்டீன், சாந்தோபில், பச்சையம் ஏ, பச்சையம் பி என்று நான்கு பட்டைகள் இருக்கும். அதற்குப் பெற்றோலியம் ஈதரில் கொஞ்சம் அசற்றோன் கலந்த கரைப்பான் தேவை, அது பள்ளி ஆய்வுகூட வேலை. தனி அசற்றோன் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒன்றாக மேலே இழுத்துவிடும். பச்சை கபிலமாக மாறினால், இலைச் சாற்றின் அமிலம் பச்சையத்தைக் குலைத்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, அந்தப் போல்பொயின்ற் புள்ளியை வீசாதீர்கள். அதே பேனையால் இன்னொரு தாளில் புள்ளி வைத்து ஸ்பிரிட்டில் நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் நகரும். தண்ணீரில் நகராதது ஸ்பிரிட்டில் நகர்ந்தால் இரண்டு தாள்களையும் அருகருகே ஒட்டலாம், என் கணக்கில் செயற்றிட்டத்தின் சிறந்த பக்கம் அதுதான். இலைத் தாளை மட்டும் அன்றே படம் பிடித்துவிடுங்கள். வெளிச்சத்தில் பச்சை சீக்கிரம் மங்கிவிடும்.