கோஹார்ட் அட்டவணையில் விலகல் கணக்கு: எதை எதனால் வகுத்தீர்கள்?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சந்தா வணிகத்தின் கோஹார்ட் அட்டவணையைப் பற்றியவை. ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு குழுவாகக் கொண்டு, அவர்களில் எத்தனை பேர் அடுத்தடுத்த மாதங்களில் சந்தா செலுத்தினார்கள் என்று ஒரே வரிசையில் எழுதிச் செல்வதுதான் அந்த அட்டவணை. ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்களைத் தந்திருந்தாலும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தமையால், கீழுள்ள சிறிய மாதிரி அட்டவணையை வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். எண்கள் கணக்குக்காக நான் அமைத்தவை.

| சேர்ந்த மாதம் | மாதம் 0 | மாதம் 1 | மாதம் 2 | மாதம் 3 |
|---|---|---|---|---|
| ஜனவரி | 400 | 360 | 342 | 333 |
| பிப்ரவரி | 500 | 400 | 360 | |
| மார்ச் | 600 | 450 | | |
| ஏப்ரல் | 550 | | | |

விரிதாளில் சேர்ந்த மாதம் A பத்தியிலும், மாதம் 0 முதல் 3 வரை B, C, D, E பத்திகளிலும், ஜனவரி வரிசை 2ஆம் வரியிலும் இருப்பதாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: ஜனவரிக் குழுவின் தக்கவைப்பு மூன்றாம் மாதத்தில் 83.25% என்கிறது ஓர் அறிக்கை. அதே மாதத்தின் விலகல் 2.6% என்கிறது இன்னொன்று. இரண்டையும் கூட்டினால் 100 வரவில்லையே, எது பிழை?

இரண்டும் சரி. இவ்விரண்டையும் கூட்டக் கூடாது என்பதுதான் செய்தி. தக்கவைப்புச் சதவீதம் எப்போதும் தொடக்க எண்ணான 400ஐக் கொண்டு வகுக்கப்படுவது. எனவே 333ஐ 400ஆல் வகுத்தால் 83.25%. மாத விலகலோ அதற்கு முந்தைய மாதம் எஞ்சியிருந்தவர்களைக் கொண்டு வகுக்கப்படுவது. இரண்டாம் மாதத்தில் இருந்த 342 பேரில் 9 பேர் மூன்றாம் மாதத்தில் பணம் செலுத்தவில்லை, அது 2.63%. நூறிலிருந்து 83.25ஐக் கழித்தால் வரும் 16.75% என்பது சேர்ந்த நாள் முதல் இதுவரையிலான மொத்த விலகலே தவிர, மூன்றாம் மாதத்து விலகல் அல்ல.

இரண்டு அறிக்கைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைப் பெருக்கிப் பார்த்துச் சோதிக்கலாம். ஜனவரியின் மாத விலகல்கள் 10%, 5%, 2.63%. ஒவ்வொன்றையும் நூறிலிருந்து கழித்து 0.90, 0.95, 0.9737 என எழுதி மூன்றையும் பெருக்கினால் 0.8325 கிடைக்க வேண்டும். கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் இரண்டு அறிக்கைகளில் ஏதோ ஒன்று வேறு ஆட்களை எண்ணியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: எங்கள் அட்டவணையில் ஜனவரி வரிசை 90%, 95%, 97.4% என்று மாதந்தோறும் உயர்கிறது. வாடிக்கையாளர்கள் திரும்பி வருகிறார்கள் என்று கொள்ளலாமா?

வேண்டாம். சூத்திரத்தில் ஒரு டாலர் குறி விடுபட்டிருக்கிறது. முதல் அறையில் எழுதியதை வலப்பக்கம் இழுத்து நகலெடுக்கும்போது, தொடக்க எண்ணின் பத்தி பூட்டப்படாமல் இருந்தால் வகுக்கும் எண்ணும் கூடவே நகர்ந்துவிடும்.

```
தவறு:        =D2/C2
தக்கவைப்பு:  =D2/$B2
மாத விலகல்:  =1-D2/C2
```

முதல் மாதத்தில் இரு முறைகளும் ஒரே விடையைத் தருவதால் பிழை முதல் பத்தியில் தெரியாது. இரண்டாம் பத்தியிலிருந்துதான் வெளிப்படும். சேர்ந்த புதிதில் அதிகமானோர் விலகி, நீடித்தவர்கள் பின்னர் மெல்ல விலகுவது சந்தா வணிகத்தில் வழக்கம் என்பதால், இப்பிழை உள்ள அட்டவணை பெரும்பாலும் அழகாக ஏறுமுகமாகவே காட்சியளிக்கும். நானே ஒருமுறை இப்படியொரு ஏறுமுகத்தைக் கூட்டத்தில் பெருமையுடன் விளக்கிக்கொண்டிருந்தபோது, கணக்குப் பிரிவைச் சேர்ந்தவர் ஒருவர் “ஆட்கள் குறைகிறார்கள், சதவீதம் மட்டும் எப்படிக் கூடுகிறது?” என்று கேட்டு நிறுத்தினார். அன்றுமுதல் சதவீத அட்டவணைக்கு மேலே ஆள் எண்ணிக்கை அட்டவணையையும் வைக்காமல் எதையும் அனுப்புவதில்லை.

கேள்வி: எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்துக் கடைசி வரியில் சராசரி போட்டிருக்கிறோம். சூத்திரங்களைப் பலமுறை சரிபார்த்துவிட்டோம். இருந்தும் இரண்டாம் மாதத்தைவிட மூன்றாம் மாதத்தின் சராசரி அதிகமாக வருகிறது. எந்த வரிசையிலும் உயர்வு இல்லை.

இது சூத்திரப் பிழையன்று, சேர்க்கைப் பிழை. கண்டுபிடிப்பதும் சற்றுக் கடினம். நம் அட்டவணையிலேயே செய்து பார்ப்போம். முதல் மாதத்துக்கு மூன்று குழுக்கள் உள்ளன: 360, 400, 450 ஆகியவற்றின் கூட்டல் 1,210, அவர்களின் தொடக்க எண்ணிக்கை 1,500, ஆகவே 80.7%. இரண்டாம் மாதத்துக்கு ஜனவரியும் பிப்ரவரியும் மட்டுமே: 702ஐ 900ஆல் வகுத்தால் 78%. மூன்றாம் மாதத்துக்கு ஜனவரி மட்டும்: 83.25%. எனவே கடைசி வரி 80.7, 78, 83.25 என்று இறங்கி ஏறுகிறது. மூன்றாம் மாதத்தில் யாரும் திரும்பி வரவில்லை. விலகல் அதிகமுள்ள பிப்ரவரிக் குழுவும் மார்ச் குழுவும் அந்த வயதை இன்னும் எட்டாததால் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன, நன்றாக நீடிக்கும் ஜனவரி மட்டும் மிஞ்சியது.

இதைத் திருத்த, ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கான ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியாக, இரு மாதங்களிலும் எண்ணிக்கை உள்ள குழுக்களை மட்டும் கொண்டு கணக்கிட வேண்டும். மாதம் 1லிருந்து 2க்கு வந்தவர்கள் ஜனவரி, பிப்ரவரி இரண்டிலும் சேர்த்து 702 பேர், அதே இரண்டு குழுக்களில் மாதம் 1இல் இருந்தவர்கள் 760 பேர், ஆகவே 92.4%. மாதம் 2லிருந்து 3க்கு 333ஐ 342ஆல் வகுத்து 97.4%. இவற்றை வரிசையாகப் பெருக்கிச் செல்லுங்கள்: 80.7%, பிறகு 74.5%, பிறகு 72.6%. இந்த வரி ஆள் எண்ணிக்கையைப் போலவே இறங்குமுகமாக இருக்கிறது.

```
மாதம் 1 முதல் 2 வரை:  =SUM(D2:D3)/SUM(C2:C3)
```

இந்தச் சூத்திரத்தில் C4ஐயும் சேர்த்துவிடுவதுதான் பலர் சறுக்கும் இடம். மார்ச் குழுவின் 450 பேரும் கீழே வந்துவிட, மேலே அவர்களுக்கு இணையாக எதுவும் இல்லாமல் போய், 702ஐ 1,210ஆல் வகுத்து 58% என்ற பீதியூட்டும் எண் கிடைக்கும். இன்னும் வராத மாதங்களின் அறைகள் வெற்றாக இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே பூச்சியம் நிரப்பினால் அந்தக் குழு முழுவதும் விலகிவிட்டதாக அட்டவணை எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தாலும் மூன்றாம் மாதத்தின் 97.4% ஒரே ஒரு குழுவின் நடத்தை. மற்ற குழுக்களும் அப்படியே நடந்துகொள்ளும் என்பதற்கு இந்த அட்டவணையில் சான்று ஏதும் இல்லை. ஒவ்வொரு பத்தியின் அடியிலும் எத்தனை குழுக்கள், எத்தனை பேர் என்று குறித்துவைப்பது நல்லது.

கேள்வி: மாத விலகல் 5% என்றால் ஆண்டுக்கு 60% விலகுகிறார்கள் என்று சொல்லலாமா?

கூடாது. ஒவ்வொரு மாதமும் எஞ்சியவர்களில்தான் 5% போகிறது. 0.95ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 0.54, ஆண்டு விலகல் ஏறத்தாழ 46%. அதுவும் 5% மாறாமல் இருந்தால் மட்டுமே.

கேள்வி: பிப்ரவரியில் விலகியதாகக் காட்டப்படும் சிலர் மார்ச்சில் திரும்பி வந்திருக்கிறார்கள். விசாரித்தால், யாரும் சந்தாவை நிறுத்தவே இல்லை என்கிறார்கள்.

உங்கள் சந்தா மாதச் சந்தாவா, 30 நாள் சந்தாவா என்று முதலில் பாருங்கள். 30 நாள் சந்தா என்றால் விடை நாட்காட்டியில் இருக்கிறது. ஜனவரி 1 அன்று சேர்ந்தவருக்கு அடுத்த தவணை ஜனவரி 31. அதற்கடுத்தது மார்ச் 2, லீப் ஆண்டாயின் மார்ச் 1. ஜனவரியில் இரண்டு தவணைகள், பிப்ரவரியில் ஒன்றுமில்லை. அந்த மாதத்தில் பணம் வந்ததா என்று மட்டும் பார்க்கும் அட்டவணை, ஒரு நாள்கூடச் சேவையை இழக்காத அவரை விலகியவர் என்று எழுதிவிடும். லீப் அல்லாத ஆண்டில் ஜனவரி 30 அன்று சேர்ந்தவருக்கும் இதே கதி.

தவணை வந்த நாளை விட்டு, மாதத்தின் கடைசி நாளில் அவருடைய சந்தா உயிருடன் இருந்ததா என்று பார்ப்பதுதான் தீர்வு. அட்டை மறுக்கப்பட்டு, ஓரிரு நாள் கழித்து மறுமுயற்சியில் பணம் வந்தவர்களும் மாத எல்லையில் இப்படித்தான் காணாமற்போய்த் திரும்புகிறார்கள். எத்தனை நாள் சலுகைக் காலம் தருகிறீர்களோ அத்தனை நாள் கழிந்த பிறகே அந்த மாதத்தின் அறையை முடிவானதாகக் கருதுங்கள். உண்மையிலேயே நிறுத்திவிட்டுத் திரும்பியவர்களைத் தனிப் பத்தியில் எண்ணுவதே என் பழக்கம்.

கேள்வி: ஏப்ரலில் நிறுவனத்தின் மொத்த விலகல் 14.8% என்று நிதிப் பிரிவு சொல்கிறது. கோஹார்ட் அட்டவணையில் எந்த அறையிலும் அந்த எண் இல்லை. யாரை நம்புவது?

அந்த எண் எந்த அறையிலும் இராது, மூலைவிட்டத்தில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்துக்குரிய அறைகள் ஜனவரியின் மாதம் 3, பிப்ரவரியின் மாதம் 2, மார்ச்சின் மாதம் 1 ஆகியவை: 333, 360, 450, கூட்டினால் 1,143. அவற்றுக்கு ஓர் அறை இடப்பக்கம் உள்ளவை மார்ச் மாதத்து எண்ணிக்கை: 342, 400, 600, கூட்டினால் 1,342. வேறுபாடு 199 பேர். 1,342ஆல் வகுத்தால் 14.8%. ஏப்ரலில் புதிதாகச் சேர்ந்த 550 பேர் இந்தக் கணக்கில் மேலேயும் வரக்கூடாது, கீழேயும் வரக்கூடாது.

ஆக நிதிப் பிரிவும் சரி, உங்கள் அட்டவணையும் சரி. ஆனால் அந்த 199 பேரைக் குழுவாரியாகப் பிரித்துப் பாருங்கள்: ஜனவரியிலிருந்து 9 பேர், பிப்ரவரியிலிருந்து 40 பேர், மார்ச்சிலிருந்து 150 பேர். மார்ச் குழு முதல் மாதத்திலேயே 25% இழந்திருக்கிறது. ஜனவரிக் குழு அதே வயதில் 10% மட்டுமே இழந்தது. 14.8% என்ற ஒற்றை எண் இதைக் காட்டாது. நிதிப் பிரிவின் விலகியோர் பட்டியலில் 199க்குப் பதிலாக 211 என்று இருந்தால், கூடுதலான 12 பேரின் சேர்ந்த தேதிகளைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலிலேயே சேர்ந்து ஏப்ரலிலேயே ரத்து செய்தவர்கள் அதில் இருப்பார்கள்; உங்கள் அட்டவணையில் அவர்கள் ஏப்ரல் வரிசையின் 550க்குள் இருந்துகொண்டு, மே மாதத்து அறையில்தான் குறைவார்கள்.